மகள் குரலில், மகன் குரலில் மோசடி அழைப்பு: காதை நம்பாமல் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன், அம்மா தனியாக இருக்கிறார். ஏஐ வைத்து நம் குரலிலேயே பேசி, "விபத்து ஆகிவிட்டது, உடனே பணம் அனுப்பு" என்று ஏமாற்றுகிறார்களாமே, அது எப்படி நடக்கிறது? அப்படி ஓர் அழைப்பு வந்தால் பேசுவது நான்தானா என்று அம்மா எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

குரலை வைத்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம் என்று அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, தன் போனில் ஏற்கெனவே பதிந்திருக்கும் உங்கள் எண்ணுக்கு அவரே அழைக்க வேண்டும். நீங்கள் எடுக்காவிட்டால் உங்களோடு வேலை பார்ப்பவருக்கோ தங்கியிருப்பவருக்கோ அழைக்க வேண்டும். பணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். சொல்வதற்கு இது சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்த அழைப்பில் வரும் ஒவ்வொரு வாக்கியமும் அம்மா இதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே தயாரிக்கப்பட்டது. அதனால் "துண்டித்துவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நெருக்கடியில் அது நினைவுக்கு வராது. அழைப்பு எப்படிக் கட்டப்படுகிறது என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

குரலில் இருந்து தொடங்குகிறேன். ஒருவரின் குரலை நகலெடுக்க மணிக்கணக்கான பதிவு தேவைப்பட்ட காலம் போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் வெளியிட்ட வால்-ஈ என்ற ஆய்வு மாதிரி, 3 விநாடிப் பதிவை வைத்தே அந்த நபரின் குரலில் புதிய வாக்கியங்களைப் பேசியது. 2024 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனம், 15 விநாடிப் பதிவிலிருந்து குரலை உருவாக்கும் தன் கருவியைப் பற்றி அறிவித்தது. தவறாகப் பயன்படுத்தப்படும் அபாயம் இருப்பதாகச் சொல்லி அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடாமல் வைத்துக்கொண்டது. ஆனால் இதே வேலையைச் செய்யும் வேறு கருவிகள் ஏற்கெனவே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடைக்கின்றன. சிலவற்றுக்குப் பணம்கூடத் தேவையில்லை.

மூன்று விநாடியில் ஒருவர் குரலைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்று தோன்றலாம். அந்தக் கருவி உங்கள் குரலைப் பூஜ்யத்திலிருந்து கற்பதில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பேசிய பல்லாயிரம் மணி நேரப் பேச்சைக் கேட்டு, மனிதக் குரல் எப்படியெல்லாம் மாறுபடும் என்பதை அது முன்பே கற்றிருக்கிறது. அந்தப் பெரிய பரப்பில் உங்கள் குரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளத்தான் அந்தச் சிறு பதிவு. கல்யாண வீடியோவில் நீங்கள் வாழ்த்துச் சொன்ன ஒரு துண்டு, இன்ஸ்டாகிராமில் போட்ட ஒரு ரீல், அலுவலகக் கூட்டத்தில் பேசியதை யாரோ யூடியூபில் ஏற்றியது, இவற்றில் எதுவும் போதும்.

இதிலிருந்து ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கருவிக்குக் கிடைப்பது உங்கள் குரலின் தன்மை மட்டும்தான், உங்கள் நினைவு அதற்கு வராது. நேற்று அம்மாவிடம் என்ன பேசினீர்கள், வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்பது எதுவும் அந்தப் பதிவில் இல்லை. சரிபார்ப்பு முறைகள் எல்லாமே இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகின்றன.

"என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா?" என்று பெற்றவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், ஆனாலும் அந்த நம்பிக்கைதான் மோசடிக்காரர்களின் முதலீடு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 529 பேருக்கு உண்மைக் குரல்களையும் செயற்கைக் குரல்களையும் போட்டுக் காட்டினார்கள். செயற்கைக் குரல்களை அவர்களால் 73 சதவீத அளவில்தான் சரியாக அடையாளம் காண முடிந்தது. செயற்கைக் குரல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பழக்கிக் காட்டியும் பெரிய முன்னேற்றம் இல்லை. அவர்கள் பதற்றமில்லாமல் உட்கார்ந்து, "இதில் போலி இருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லப்பட்டுக் கேட்டவர்கள். அப்போது கிடைத்த கருவிகளும் இன்றைக்கு இருப்பவற்றைவிடப் பழையவை. மாலை வேளையில் திடீரென்று அழுகுரல் கேட்கும் ஒரு தாயின் நிலை அதைவிடப் பல மடங்கு கடினம்.

போதாக்குறைக்கு போனும் மோசடிக்காரனுக்கு உதவுகிறது. பழைய வகைத் தொலைபேசி வழி, பேச்சின் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டும்தான் கடத்துகிறது. மூச்சின் மெல்லிய ஓசை, "ஸ்", "ஷ்" போன்ற ஒலிகளின் கூர்மை எல்லாம் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பவை. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் நெருடக்கூடிய பிசிறு, போனில் வெட்டுப்பட்டு மறைந்துவிடக்கூடும். மிச்சம் இருக்கும் வித்தியாசத்தை நாமே நியாயப்படுத்திவிடுவோம்: அழுகிறாள், அதனால் குரல் மாறியிருக்கிறது, சிக்னல் சரியில்லை, பின்னால் வண்டிச் சத்தம். அதனால் "ரோபோ மாதிரி பேசினால் சந்தேகப்படுங்கள்", "மூச்சு விடுகிறார்களா என்று கவனியுங்கள்" என்று வரும் அறிவுரைகளை அம்மாவுக்கு அனுப்பாதீர்கள். அவற்றை நம்பியவர், மூச்சுச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் இது என் பிள்ளைதான் என்று முடிவுக்கு வந்துவிடுவார். நிதானமாக இருந்திருந்தால் எழுந்திருக்கக்கூடிய சந்தேகமும் அத்துடன் போய்விடும்.

சரி, அழைப்பு எப்படி நடக்கிறது? முதலில் அழுகுரல். "அம்மா, நான்தான்மா... ஆக்சிடென்ட் ஆயிடுச்சு... என் மேலதான் தப்பு..." இரண்டு மூன்று வாக்கியம், அதுவும் திக்கித் திணறி. அம்மா ஏதாவது கேட்பதற்குள் போன் இன்னொருவர் கைக்குப் போய்விடும். அவர் போலீஸ் அதிகாரி, வக்கீல், மருத்துவர் அல்லது கடத்தல்காரன் என்ற வேடத்தில் பேசுவார். அதன் பிறகு முழு உரையாடலும் அவரோடுதான்.

இந்தக் கைமாற்றம்தான் முழு மோசடியின் மையம் என்று நான் நினைக்கிறேன். நகல் குரலை வைத்து நீண்ட நேரம் உரையாடுவது மோசடிக்காரனுக்கு ஆபத்து. எழுதிக் கொடுத்ததைப் பேசவைக்கும் முறையில், ஒவ்வொரு பதிலையும் தட்டச்சு செய்து ஒலியாக்க நேரம் பிடிக்கும். மோசடிக்காரன் தன் வாயால் பேசப் பேச, அதை உடனுக்குடன் இன்னொருவர் குரலாக மாற்றும் முறையும் இருக்கிறது. அதில் தாமதம் குறைவு. ஆனால் அங்கேயும் பேசுபவனுக்குக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான்கு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வான். அதனால் முன்பே தயாரித்து வைத்த சில விநாடி அழுகையை ஒலிக்கவிட்டு, தாயின் மனதில் "பேசியது என் மகன்" என்பதைப் பதித்துவிட்டு, குரலை மேடையிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். "அவருக்கு அடிபட்டிருக்கிறது, பேச முடியாது", "விசாரணையில் இருக்கிறார், போன் கொடுக்கக் கூடாது" என்று காரணம் தயாராக இருக்கும்.

பாதிக் கதையை நாமே எழுதிக் கொடுப்பதும் உண்டு. "அம்மா, நான்தான்" என்று குரல் அழுதவுடன், "யாரு, ரவியா? என்னடா ஆச்சு? பைக்கா?" என்று அம்மா கேட்டுவிட்டால், பெயரும் வண்டியும் எதிராளிக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து வரும் "போலீஸ்காரர்" அந்தப் பெயரையும் பைக்கையும் சொல்லும்போது, இவ்வளவு விவரம் தெரிந்திருக்கிறதே என்று நம்பிக்கை இன்னும் இறுகுகிறது. தான் சொன்னதைத்தான் திருப்பிக் கேட்கிறோம் என்பது அந்த நேரத்தில் தோன்றாது. இப்படித்தான், குரல் நகல் எதுவுமே இல்லாமல் வெறும் அழுகுரலை வைத்தும் இதே மோசடி பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. அழும்போது எல்லோர் குரலும் கொஞ்சம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏஐ வந்த பிறகு அந்த முதல் பத்து விநாடி மிக வலுவாகிவிட்டது, மற்றபடி நாடகம் பழையதுதான்.

குரல் விலகியதும் மூன்று நிபந்தனைகள் வரும். யாரிடமும் சொல்லக் கூடாது. போனை வைக்கக் கூடாது. இத்தனை நிமிடத்துக்குள் பணம் வந்தாக வேண்டும். ரகசியம், வீட்டில் இருக்கும் இன்னொரு ஆளின் நிதானம் அம்மாவை எட்டாமல் தடுக்க. போனை வைக்காதே என்பது, அவர் உங்களை அழைத்துவிடாமல் இருக்க. அவசரம், யோசிக்க நேரம் இல்லாமல் செய்ய. பணம் கேட்கும் வழியும் திரும்பப் பெற முடியாததாகவே இருக்கும்: அறிமுகமில்லாத ஒரு கணக்குக்கு உடனடிப் பரிமாற்றம், கிரிப்டோ, கிஃப்ட் கார்டு எண்கள், அல்லது நேரில் வந்து வாங்கிக்கொள்ளும் ரொக்கம்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு, 2023 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அழைப்பை எதிர்கொண்ட தாய் அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க செனட்டின் ஒரு துணைக்குழு முன் சாட்சியம் சொன்னார். அதனால் விவரங்கள் அவர் வாயாலேயே பதிவாகியிருக்கின்றன. அவருடைய 15 வயது மகள் பனிச்சறுக்குப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். இவர் இளைய மகளை நடனப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தால் மூத்த மகளின் அழுகுரல், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகச் சொல்லி விசும்புகிறது. சறுக்கி விழுந்து அடிபட்டுவிட்டாள் என்றுதான் தாய் நினைத்தார். அடுத்த கணம் ஓர் ஆணின் குரல்: மகள் தன் பிடியில் இருக்கிறாள், போலீஸிடமோ வேறு யாரிடமோ சொன்னால் அவளைத் திரும்பப் பார்க்க முடியாது. கேட்ட தொகை 10 லட்சம் டாலர். அவ்வளவு முடியாது என்றதும் 50,000 டாலருக்கு இறங்கியது.

அந்தத் தாய் போனை வைக்கவில்லை, வைக்க முடியவில்லை. ஆனால் தன் பக்கத்து ஒலியை நிறுத்திவிட்டு, நடனப் பள்ளியில் இருந்த மற்ற தாய்மார்களைக் கத்திக் கூப்பிட்டார். ஒருவர் அவசர உதவி எண்ணுக்கு அழைத்தார். குரலை நகலெடுத்துச் செய்யும் மோசடி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, இதுவும் அதுவாக இருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். இன்னொருவர் கணவரைத் தொடர்புகொண்டார். சில நிமிடங்களில் மகள் தந்தையின் பக்கத்தில் பத்திரமாக இருப்பது தெரிந்துவிட்டது. இதில் நான் முக்கியமாக நினைப்பது என்னவென்றால், "இது மோசடியாக இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னபோது அந்தத் தாய் நம்பவில்லை. அழுதது தன் மகள்தான் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. மகளோடு நேராகப் பேசிய பிறகுதான் அவருக்கு உறுதியாயிற்று. கேட்ட குரலை வேறு யார் மறுத்தாலும் மனம் ஏற்காது. வேறொரு வழியாகப் பிள்ளையை எட்டுவது ஒன்றுதான் அந்தப் பிடியை விடுவிக்கிறது. ஆகவே அம்மாவைப் பழக்கும்போது சந்தேகப்படச் சொல்லாதீர்கள். நம்பினாலும் பரவாயில்லை, நம்பிக்கொண்டே இன்னொரு வழியில் கூப்பிடச் சொல்லுங்கள். பிள்ளை ஆபத்தில் இருப்பதாக நினைக்கும் தாய்க்குச் சந்தேகப்படுவது துரோகம் போலத் தோன்றும், திரும்ப அழைப்பது அக்கறையாகத் தோன்றும்.

இப்போது திரும்ப அழைப்பதன் நுணுக்கங்கள். திரையில் உங்கள் பெயரே தெரிந்தாலும் அது நீங்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அழைப்பவரின் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். அந்தப் போலி எண் போனில் பதிந்திருக்கும் எண்ணாக இருந்தால், போன் அதோடு இருக்கும் பெயரைத்தான் காட்டும். ஆனால் போலியாகக் காட்டுவது உள்ளே வரும் அழைப்புக்கு மட்டும்தான் செல்லும். அம்மா துண்டித்துவிட்டு உங்கள் எண்ணுக்குத் தானே அழைத்தால், அந்த அழைப்பு உண்மையான உங்கள் சிம்முக்குத்தான் வந்து சேரும். தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பைத் திரும்ப அழைத்தால் கதை வேறு, அது மோசடிக்காரனிடமே போகும். அதனால் அழைப்புப் பட்டியலைத் தொட வேண்டாம், தொடர்புகள் பட்டியலில் பெயரைத் தேடி அழைக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பு என்றால் இன்னொரு எச்சரிக்கை. உங்கள் வாட்ஸ்அப் கணக்கை ஓடிபி வாங்கிக் கைப்பற்றியிருந்தால், அங்கே திரும்ப அழைத்தாலும் எடுப்பது திருடன்தான். எனவே வாட்ஸ்அப்பில் வந்ததைச் சாதாரண அழைப்பிலும், சாதாரண அழைப்பில் வந்ததை இன்னொரு ஆள் மூலமும் சரிபார்ப்பது நல்லது. தகவல் வந்த வழியிலேயே அதைச் சரிபார்க்கக் கூடாது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் எடுக்காவிட்டால்? பலரும் இங்கேதான் தோற்கிறார்கள். "எடுக்கவில்லை, அப்படியானால் உண்மைதான் போலிருக்கிறது" என்று மனம் முடிவு கட்டிவிடும். நீங்கள் கூட்டத்தில் இருக்கலாம், விமானத்தில் இருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். பயணம் போகிறேன் என்று நீங்களே சமூக ஊடகத்தில் போட்டதைப் பார்த்து, எடுக்க முடியாத நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் நடக்கும். ஆகவே அம்மாவிடம் உங்கள் எண்ணைத் தவிர இன்னும் இரண்டு எண்கள் இருக்க வேண்டும்: உங்களோடு தங்கியிருப்பவர் ஒருவர், உங்களோடு வேலை பார்ப்பவர் ஒருவர். அவர்களிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். "என் அம்மா எப்போதாவது பதறிப்போய்க் கூப்பிட்டால், என்னைத் தேடிப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள்" என்றால் போதும்.

"என் போன் உடைந்துவிட்டது, இது போலீஸ்காரர் போன்" என்பார்கள். அப்போது எந்தக் காவல் நிலையம், எந்த மருத்துவமனை என்று பெயரைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் தரும் எண்ணை விட்டுவிட்டு, அந்த நிலையத்தின் எண்ணைத் தானே தேடி அழைக்க வேண்டும். பெயரைச் சொல்லத் தயங்கினாலோ, "அதெல்லாம் பேச நேரமில்லை" என்று கத்தினாலோ அதுவே போதுமான பதில். உண்மையான மருத்துவமனை நீங்கள் திரும்ப அழைப்பதை ஆட்சேபிக்காது.

போனை வைத்தால் பிள்ளையைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினால், எந்தத் தாயையும் துண்டிக்கச் சொல்வது சுலபமில்லை. அப்போது அரிசோனா தாய் செய்ததைச் செய்யலாம்: மைக்கை மியூட் செய்துவிட்டு இன்னொரு போனை, இன்னொரு ஆளைப் பயன்படுத்துவது. தனியாக இருந்தால் கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், ஒரு தாளில் உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதி நீட்டினால் அவர் அழைத்துவிடுவார். அதுவரை எதிராளியிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். "கார்டைத் தேடுகிறேன்", "கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை" என்று இழுக்கலாம்.

அடுத்தது குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2024 டிசம்பரில் வெளியிட்ட பொது எச்சரிக்கையிலும் இதைப் பரிந்துரைத்தது. யோசனை நல்லது, ஆனால் பல வீடுகளில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. சொல்லைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தவறு தொடங்குகிறது. செல்லப்பிராணியின் பெயர், தெருப் பெயர், பிறந்த ஊர் எல்லாம் யாருடைய சமூக ஊடகப் பக்கத்திலும் கிடைத்துவிடும். உங்கள் வாழ்க்கையோடு சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களைச் சேர்த்து வையுங்கள், "நீலப் பூசணி" மாதிரி. படம்போல மனதில் நிற்கும், யாரும் ஊகிக்க முடியாது. இதை நேரில் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்தக் கணக்கு கைமாறும் நாளில் சொல்லும் கைமாறிவிடும்.

கேட்பது எப்போதும் அழைப்பைப் பெற்றவர்தான், சொல்வது அழைத்தவர்தான். "நம்ம சொல் என்ன?" என்று மட்டும் கேட்க வேண்டும். "அந்தப் பூசணி விஷயம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் பாதியைக் கொடுத்துவிட்டோம். "அம்மா, எனக்கு இருக்கிற வலியில அதெல்லாம் ஞாபகம் வரலம்மா" என்று பதில் வந்தால் இரக்கப்பட்டு விட்டுவிடக் கூடாது. உண்மையான பிள்ளையும் பதற்றத்தில் மறக்கக்கூடும், அதை மறுக்கவில்லை. அதனால் சொல் தெரியாவிட்டால் பொய் என்று முடிவெடுக்க வேண்டியதில்லை, துண்டித்துவிட்டு அழைக்கும் முறைக்குப் போனால் போதும். சொல் சரியாக வந்தாலும் பெரிய தொகை என்றால் திரும்ப அழைப்பதே நல்லது.

சொல் மறந்துபோகும் வயதில் இருப்பவர்களுக்குக் கேள்வி நல்ல மாற்று. 2024 ஜூலையில் ஃபெராரி நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவருக்கு, தலைமைச் செயல் அதிகாரி பேசுவது போலவே ஓர் அழைப்பு வந்தது. உச்சரிப்பு வழக்குகூட அப்படியே இருந்தது. ரகசியமான ஒரு பெரிய ஒப்பந்தம் பற்றிப் பேச்சு. சந்தேகம் வந்த அதிகாரி, "சில நாள் முன்பு எனக்கு ஒரு புத்தகத்தைப் படிக்கச் சொன்னீர்களே, அதன் பெயர் என்ன?" என்று கேட்டார். அழைப்பு அதோடு துண்டிக்கப்பட்டது. அந்தக் கேள்வி வேலை செய்ததற்குக் காரணம், அதன் பதில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த, எங்கேயும் எழுதப்படாத, சமீபத்திய விஷயம். அம்மாவும் அப்படிக் கேட்கலாம்: "போன தடவை வந்தப்ப நீ எதை மறந்து வச்சுட்டுப் போன?" பிறந்தநாள், பள்ளிப் பெயர், அண்ணன் பெயர் போன்றவற்றைக் கேட்பதில் பலன் இல்லை.

இல்லாத ஒன்றைக் கேட்டுப் பொறி வைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள், இல்லாத தம்பியைப் பற்றி விசாரிப்பது போல. அது வேலை செய்யும், ஆனால் பதற்றத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு நடிப்பது கஷ்டம். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு முறை ஒத்திகை பாருங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து அறையிலிருந்து அம்மாவுக்கு வேறு எண்ணிலிருந்து அழைத்து, "போன் உடைஞ்சு போச்சும்மா, பணம் வேணும்" என்று சொல்லுங்கள். ஒத்திகை என்று முன்பே தெரிந்திருக்கட்டும், பயமுறுத்த வேண்டாம். அவர் வாயால் "வை, நான் கூப்பிடுறேன்" என்று சொல்லி, துண்டித்து, உங்கள் பெயரைத் தேடி அழைத்து முடிக்க வேண்டும். அப்போதுதான் உங்கள் பெயரைப் பட்டியலில் தேட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, வீட்டில் இரண்டாவது போன் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். அவர் சொல்ல வேண்டிய அந்த வாக்கியத்துக்கு நீங்கள் ஒருபோதும் கோபப்படக் கூடாது. உண்மையிலேயே நீங்கள் அவசரத்தில் அழைக்கும் நாளில் அம்மா போனை வைத்துவிட்டுத் திரும்ப அழைத்தால், "என் குரல் தெரியலையா?" என்று ஒருமுறை சலித்துக்கொண்டாலும் அவர் அடுத்த முறை தயங்குவார்.

வீடியோ அழைப்பு கேட்டால் சரிபார்ப்பு முடிந்துவிடாதா என்றால், இப்போது அதையும் முழுதாக நம்ப முடியாது. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில், அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், நிதித் தலைவரும் சக ஊழியர்களும் இருந்ததாகத் தோன்றிய வீடியோ கூட்டத்தை நம்பி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அந்தக் கூட்டத்தில் தெரிந்த முகங்கள் போலியானவை. குடும்ப மோசடிகளில் இந்த அளவுக்கு உழைப்பைப் போடுவது அரிது என்றாலும், வீடியோவில் முகம் தெரிந்தது என்பதற்காகத் திரும்ப அழைப்பதை விட்டுவிடாதீர்கள்.

குரல் கிடைக்காமல் செய்துவிடலாமா என்பதற்கு அதிகம் சொல்ல இல்லை. கணக்குகளைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுவது ஓரளவு உதவும், முக்கியமாக யார் யாருக்கு என்ன உறவு, யார் எங்கே போயிருக்கிறார் என்பது வெளியே தெரியாமல் இருக்க. ஆனால் சில விநாடிக் குரல் எங்கேயாவது இருந்தே தீரும். வங்கியில் குரலையே அடையாளமாக வைத்திருந்தால் மட்டும், அதை நீக்கச் சொல்லிவிடுங்கள்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் அன்றைய நாளின் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது அதிக நேரம் தங்காது, பல கணக்குகளுக்குப் பிரிந்து வெளியேறிவிடும். முதல் அழைப்பு வங்கிக்கு, பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லி, பரிமாற்ற எண்ணோடு. அடுத்தது உங்கள் நாட்டின் சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு. அழைப்புப் பட்டியல், செய்திகள், கணக்கு விவரம் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அம்மா வெட்கத்தில் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தால் பணத்தை மறிக்கும் வாய்ப்பு கையைவிட்டுப் போய்விடும். அதனால் "ஏமாந்தாலும் திட்ட மாட்டேன், உடனே என்னைக் கூப்பிடுங்க" என்பதை அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஒரு முறை பணம் கொடுத்தவரின் எண் மோசடிக்காரர்கள் நடுவில் கைமாறும். சில வாரங்களில் வக்கீல் என்றோ வங்கி அதிகாரி என்றோ ஒருவர் அழைத்து, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் ஒரு கட்டணம் கட்டுங்கள் என்பார். எந்தக் காவல் துறையும் வங்கியும் பணத்தை மீட்டுத் தர முன்கூட்டியே கட்டணம் வாங்குவதில்லை. அந்த அழைப்பையும் அதே முறையில்தான் கையாள வேண்டும்: துண்டித்துவிட்டு, புகார் கொடுத்த அலுவலகத்துக்குத் தானே அழைத்துக் கேட்பது.